மேல்வரிசைப் படங்கள்

கண்டி நகரத்து மஹய்யாவயில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. போட்டோ கொப்பி, ரீலோட், பழைய போன் திருத்துவது, புது போன் விற்பது எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் நானும் கணவரும் குடியிருந்தோம். அவருக்குக் கம்பளையில் ஒரு சில்லறைக் கடையில் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார்.

பின்வரிசை வீடுகளில் ஓர் அக்கா இருந்தார். மாநகர சபையில் வீதி துப்புரவு வேலை. ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, ஒரே மகள். அந்த மகள் கலகெதரயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் துணிக்கடையில் வேலை செய்துகொண்டு, அவர்கள் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கியிருந்தாள். கடைக்காரரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். மகளின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்றுதான் அக்கா முதன்முதலாக ஒரு ஸ்மார்ட் போன் வாங்க வந்தார்.

நான் சிம்மைப் போட்டு, மகளின் எண்ணைப் பதிந்து, வட்ஸ்அப்பையும் போட்டுக் கொடுத்தேன். "கோல் வந்தா பச்சைய இழுங்க, வேணாம்னா செவப்ப இழுங்க. அவ்வளவுதான் அக்கா."

அக்கா எழுந்திருக்கவில்லை. திரையின் உச்சியைச் சுட்டிக் காட்டினார்.

"இந்தச் சின்னச் சின்னப் படமெல்லாம் என்ன தங்கச்சி?"

"அதெல்லாம் ஒங்களுக்குத் தேவைப்படாது."

"தேவப்படாததையா எல்லாத்துக்கும் மேல கொண்டு போய் வச்சிருக்கான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாடிக்கையாளர் யாரும் வராத நேரம் என்பதால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். படிப்படியாக உயரும் கோடுகள் கவரேஜ். டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று காட்டும். பக்கத்தில் உள்ள எழுத்து இன்டர்நெட்டின் வேகம். 4G என்றால் வேகம், H என்றால் பரவாயில்லை, E என்றால் நடை. அதனோடு ஒட்டிய இரண்டு குட்டி அம்புகளில் மேலே பார்ப்பது நாம் அனுப்புவது, கீழே பார்ப்பது நமக்கு வருவது. விசிறி போல விரிந்திருப்பது வைஃபை. வெட்டுப்பட்ட மணி என்றால் போன் சத்தம் போடாது. கடிதஉறை என்றால் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. பிளேன் வந்தால் போன் டவரையே விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு கோலும் வராது, போகாது.

அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு முறை சொன்ன படத்தை அவர் மறக்கவே இல்லை. அடுத்த வாரம் முழுவதும் வேலை முடிந்து வந்து எனக்கு அறிக்கை கொடுத்தார். வாவிக்கரையில் நாலு கோடு, மார்க்கெட் படிக்குக் கீழே இரண்டு, நம் குழாயடியில் ஒன்று, அதுவும் குடத்தைத் தூக்கினால் போய்விடும்.

ஒரு நாள் கடை வைஃபையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கேட்டார். "ஒங்க விசிறி முழுசா இருக்கு. ஆனா ஓரத்துல ஆச்சரியக்குறி ஒண்ணு நிக்குதே?"

நான் காலையிலிருந்து வைஃபை பெட்டியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குறியை நான் பார்த்ததுண்டு, யோசித்ததில்லை. போனுக்கும் பெட்டிக்கும் இடையில் தொடர்பு சரி, பெட்டிக்கும் வெளி உலகத்துக்கும் இடையில்தான் அறுந்திருக்கிறது என்பது அது சொல்லும் செய்தி. சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் கேபிள் கழன்றிருந்தது.

பிறகு 2018 மார்ச் மாதம் வந்தது. திகன பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிகின்றன என்ற செய்தி நகரத்துக்குள் வந்தது. ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். இரண்டாவது தடவை போட்ட அன்று பிற்பகல் நான் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தேன். கணவர் கம்பளையிலிருந்து வந்து சேரவில்லை.

முதலில் வந்தவர் மூன்றாம் வீட்டுக்காரர். "போன் செத்துப் போச்சு. மெசேஜ் ஒண்ணும் போகல." அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு. அரசாங்கம் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் நிறுத்திவிட்டது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. டவர்களை எரித்துவிட்டார்கள் என்றார் ஒருவர். கலகெதரயில் ஒரு கடை மிச்சமில்லை என்றார் இன்னொருவர்.

போன் தெரிந்தவள் என்று என்னை நம்பி வந்தவர்களுக்கு நான் செய்தது வெட்கக்கேடு. நிறுத்திப் போடுங்கள் என்றேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒரு போனில் எல்லா அமைப்பையும் அழித்தே விட்டேன். என் போனிலும் மெசேஜ் போகவில்லை என்றதும், லைனைப் புதுப்பிக்கலாம் என்று பிளேனைத் தட்டினேன். பத்து விநாடி கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ இன்னொரு போனை நீட்டினார்கள். என் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு மணித்தியாலம் போனது. கணவரிடமிருந்து கோல் இல்லை. கம்பளைப் பக்கமும் ஏதோ நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் அக்கா வேலை உடுப்போடு வந்தார். மாநகர சபையின் குப்பை டிரக்டரில் கொண்டு வந்து சந்தியில் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே எழுந்த சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தன் போனை எடுத்து உச்சியைப் பார்த்தார்.

"கோடு நாலும் நிக்குது. டவர் எங்க எரிஞ்சது?"

எல்லாரும் தங்கள் போன்களின் உச்சியைப் பார்த்தார்கள். அக்கா தொடர்ந்தார்.

"4G-யும் நிக்குது. ஆனா பாருங்க, மேல போற அம்பு மட்டும் மின்னுது. கீழ வாறது அசையவே இல்ல. நாம அனுப்புறோம், அங்கருந்து ஒண்ணும் வரல. நம்ம போன்ல பழுது இல்ல, வழியில யாரோ மறிச்சிருக்காங்க." என்னைப் பார்த்தார். "வட்ஸ்அப்தான இன்டர்நெட்டுல போகுது? சாதாரணக் கோல் இந்தக் கோட்டுலதான போகுது?"

"ஓமக்கா," என்றேன். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

அக்கா மகளுக்குச் சாதாரணக் கோல் எடுத்தார். எல்லாரும் அவரைச் சுற்றி நின்றோம்.

"ரிங் போகுது. எடுக்கல." மறுபடி அழைத்தார். "போகுது. எடுக்கல." அவர் உதடு வெளுத்திருந்தது. ஆனால் குரல் அப்படியே இருந்தது. "தங்கச்சி, அங்க டவர் இல்லாட்டி, போன் ஓஃப் ஆகியிருந்தா, ரிங் போகுமா?"

"போகாது. அந்தப் பொம்பள ரெக்கோடிங்தான் பேசும்."

"அப்ப போன் உயிரோட இருக்கு. எஸ்எம்எஸ் போடு."

நான் என் போனுக்குக் கைநீட்டினேன். அதைத் திருப்பியதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒன் போன்ல ஏன் பிளேன் நிக்குது?"

நான் பார்த்தேன். கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சின்ன விமானம். ஒரு மணித்தியாலமாகக் கணவரின் கோலுக்குக் காத்திருந்த போனை நானேதான் உலகத்திலிருந்து துண்டித்து வைத்திருந்தேன். பிளேனை எடுத்தேன். கோடுகள் வந்தன. உடனேயே கடிதஉறைகள் அடுத்தடுத்து விழுந்தன. கணவர் பதினொரு தடவை அழைத்திருக்கிறார் என்று அவை சொல்லின. நான் அழுதுகொண்டே அழைத்தேன். கம்பளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறாராம், ஊரடங்கு எடுத்ததும் வருவாராம். "நீ ஏன் ஓஃப் பண்ணி வச்ச?" என்று திட்டினார். திட்டு அவ்வளவு இனிமையாக இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அக்காவின் போனிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான் எஸ்எம்எஸ் எழுதினேன். மெசேஜ் போய்ச் சேர்ந்தது. நாங்கள் எல்லாரும் அந்தத் திரையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணித்தியாலம் இருக்கும். கடிதஉறை வந்தது. அக்காவே எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

"அம்மா, நானா வீட்டு உள்ளறையில இருக்கோம். வெளிய சத்தம் கேக்கக் கூடாதுன்னு எல்லாரும் போனை சைலன்ட்ல போட்டிருக்கோம். பேச ஏலாது, கோல் எடுக்காதீங்க. நானும் கடைக்கார நானாவோட பொஞ்சாதி பிள்ளைகளும் ஒண்ணாத்தான் இருக்கோம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய விரல் மகளின் பெயரின் மேல் நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் குரலைக் கேட்கலாம். அவர் தட்டவில்லை.

"சார்ஜ் எவ்வளவுன்னு கேளு."

முப்பது என்று வந்தது. கரண்ட் இல்லை என்றும் வந்தது.

"இத எழுது. கோடு, சார்ஜ், வெட்டுன மணி. இந்த மூணத் தவிர மேல ஒண்ணும் நிக்கக் கூடாது. 4G, விசிறி, புளூடூத் எல்லாத்தையும் அணைச்சிரு. கோடு மட்டும் இருந்தாப் போதும், எஸ்எம்எஸ் வரும். வெளிச்சத்தையும் கொறச்சிரு. மணிக்கு ஒரு தரம் ஒரு சொல்லு அனுப்பு."

எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

பிறகு அவர் வரிசை முழுக்க வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு போனையும் வாங்கி உச்சியைப் பார்த்தார். "கோடு இருக்கு. வட்ஸ்அப்ப விடுங்க, நேரா கோல் எடுங்க." நான் அமைப்பை அழித்த போனைப் பார்த்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை சொல்லாமல், "இதுக்குத் தங்கச்சி வருவா," என்று மட்டும் சொன்னார்.

தேநீர் குடிக்க அவரை என் வீட்டில் உட்கார வைத்தேன். "பயமா இல்லையா அக்கா?"

"எண்பத்து மூணு கலவரத்துல எனக்குப் பதினஞ்சு வயசு. அப்ப எங்களத் தேடித்தான் வந்தாங்க. அப்பா வேலைக்குப் போனவரு, மூணு நாளா இருக்காரா இல்லையான்னு தெரியல. அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கேக்க ஒரு எடம் இல்ல." தேநீரை ஆற்றிக் குடித்தார். "இப்ப கேக்க எடம் இருக்கு. தெரிஞ்சு வச்சுக்கணும்ல?"

அன்று மாலை முழுவதும் மணிக்கு ஒன்றாகக் கடிதஉறை வந்தது. "இருக்கோம்" என்ற ஒரே சொல். ஒரு முறை மட்டும் "சாப்பிட்டோம்".

மறுநாள் யாரோ சொல்லிக்கொடுத்து வரிசையில் பலருடைய போனில், தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் ஏறியது. உச்சியில் ஒரு சின்னச் சாவி முளைத்தது. வட்ஸ்அப் திரும்ப வந்தது. எல்லாரும் மகிழ்ச்சியில் இருக்க, அக்கா என்னிடம் வந்து கேட்டார்: "இந்தச் சாவி நம்ம கையிலயா, வேற ஆள் கையிலயா?"

நான் உண்மையைச் சொன்னேன். அந்தப் படம் வந்தால் நம் இன்டர்நெட் எல்லாம் வேறொருவருடைய வழியால் போகிறது. அவர் யாரென்று தெரியாது. அக்கா யோசித்துவிட்டு, "எனக்கு எஸ்எம்எஸ் போதும்," என்றார்.

அவர் அந்த வாரம் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. ஊரடங்கு நேரத்திலும் சபை டிரக்டர் சந்திக்கு வந்தது. மூன்றாம் நாள் கடைக்கார நானா தன் வேனில் மகளைக் கூட்டி வந்து, எங்கள் கடைக்கு முன்னால் இறக்கிவிட்டார். அவருடைய கடையின் முன்கண்ணாடி முழுவதும் போயிருந்தது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நானா சொன்னார்: "எங்களுக்கும் ஒங்கட மகள்தான் சொன்னது, இத அணைங்க, அத அணைங்கன்னு. எங்கட வீட்டுல நாலு போன்லயும் சார்ஜ் கடைசி வர நிண்டது."

மகள் இரண்டு நாள் தூங்கினாள். கண்ணாடி போட்டு முடிந்ததும் அதே கடைக்கு, அதே வேலைக்குத் திரும்பிப் போனாள். அக்காதான் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.