மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் வந்த பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட ஓடாது. கார்டை நீட்டும்போதே பின் நம்பரையும் சத்தமாகச் சொல்லுகிறவர்கள்தான் இங்கே பாதிப்பேர். சிலர் கார்டு உறையிலேயே பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். எல்லோரையும் திட்டுவேன். கார்டின் பின்பக்கத்து மூன்று எண்ணை அடிக்கும் நேரம் வந்தால் நாற்காலியைச் சுற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். "நான் பாக்கல, நீங்களே அடிங்க" என்பேன். இந்த ஊரில் என்னை மாதிரி யோக்கியம் யாருமில்லை என்று அப்போது ஒரு கர்வம் வரும்.

அந்த அக்கா வந்தது ஒரு மத்தியானம். பக்கத்துத் தெருவில் வீட்டோடு இரண்டு விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். தன் வீட்டுத் தறியை ஓட்டிவிட்டு இன்னொரு தறிக்கூடத்திலும் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கூலியில் ஒரு பகுதி அவள் பெயரில் இருந்த ஒரு பேங்க் கணக்குக்குப் போனது. அந்தக் கணக்குக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான். அப்படி ஒரு கணக்கு இருப்பது அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

"ஏட்டி, கதவச் சாத்து" என்றாள். சாத்தினேன். ஒரு டாக்டர் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். திருநெல்வேலியில் காட்டியிருக்கிறாள். இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது. காது மெஷின் ஒன்றை டாக்டர் எழுதியிருந்தார். ஆன்லைனில் விலை குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் பேசிப் பழகியும் நான் கண்டுபிடிக்கவில்லை. தறிக்கூடத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கைச்சாடையிலும்தான் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்துக்குள் இவள் தன் காதை ஒளித்துவைத்திருந்தாள். தறி நின்ற பிறகு வீட்டில்தான் கஷ்டம்.

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கா, திமிரு கூடிப்போச்சுன்னு அவுக ஏசுதாக. ஏசட்டும். செவிடுன்னு தெரிஞ்சா அப்புறம் எங்கிட்ட எவனும் பேச மாட்டான். கைய கைய ஆட்டுவான்" என்றாள்.

காது மெஷின் விற்கிற ஆன்லைன் கடையின் பக்கத்தைத் திறந்தேன். அவளிடம் இருந்தது பட்டன் போன். கார்டிலோ எண்களின் மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் ஏதோ தெரிந்தது. என் கண்ணாடிக்கும் அது எட்டவில்லை. அதனால் அதே பக்கத்தை என் போனில் திறந்தேன். கார்டு நம்பர் கட்டத்தைத் தொட்டதும் கேமராவில் ஸ்கேன் செய்யலாமா என்று கேட்டது.

"போட்டோ எடுக்காதட்டி" என்று கார்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போட்டோ இல்லக்கா. எழுத்த மட்டும் போனுக்குள்ளயே படிச்சுக்கிடும். படத்த வைக்காது. நீங்க வாட்ஸ்அப்புல அனுப்புற போட்டோதான் காலத்துக்கும் கெடக்கும்."

நான் சொன்னது சரிதான். முதல் தடவை 3-ஐ 8 என்று படித்தது. பக்கம் உடனே சிவப்பில் தவறு என்று காட்டியது. கார்டு நம்பரின் கடைசி எண் மற்ற பதினைந்தோடும் ஒரு கணக்கில் பொருந்த வேண்டும். ஒரு எண் மாறினாலும் பிடித்துக்கொள்ளும். டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்ததும் பதினாறு எண்ணும் காலாவதித் தேதியும் தானாக வந்து உட்கார்ந்தன. பெயரை நான் அடித்தேன். முகவரிக் கட்டத்தைத் தொட்டதும் பிரவுசர் என் கடை முகவரியையும் என் போன் நம்பரையும் கொண்டுவந்து நிரப்பியது. பார்சல் இங்கே வருவதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது.

பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். பின்பக்கத்து மூன்று எண்ணை அவளே அடித்தாள். ஓடிபி அவள் பட்டன் போனுக்கு வந்தது. அதையும் அவளே அடித்தாள். பணம் போயிற்று.

அடுத்த முறைக்கு இந்தக் கார்டைச் சேமித்து வைக்கவா என்று அந்தக் கடையின் பக்கம் முன்னமே கேட்டிருந்தது. அந்த டிக்கை நான் எடுத்துவிட்டிருந்தேன். அதில் எல்லாம் நான் கெட்டி. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கீழேயிருந்து இன்னொரு பெட்டி எழும்பி வந்தது. அது கடை கேட்டதில்லை, என் பிரவுசர் கேட்டது. வெளியே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை மறைய வைக்கிற அவசரத்தில் 'சேமி' என்பதைத் தொட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன்.

பார்சல் வந்தது. அக்கா மெஷினைக் காதுக்குப் பின்னால் முடியால் மறைத்து மாட்டிக்கொண்டாள். என் கடையில் வைத்துத்தான் முதலில் மாட்டினாள். மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இது இம்புட்டு சத்தமா போடும்?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மாதம் இருக்கும். அவள் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். தறிக்கு ஏதோ உதிரி பாகம் வேண்டும், ஆன்லைனில் மட்டும்தான் கிடைக்கிறது என்றார். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காரவைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடையின் எல்லா கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் முதலாளியின் அக்கவுண்டையே போட்டுவைத்திருப்போம். அரசாங்க வெப்சைட் எல்லாம் புக்மார்க்கில் தயாராக இருக்கும், வேலை சட்டென்று முடியும். என் போனிலும் அதே அக்கவுண்ட்தான்.

நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒற்றை விரலால் அடித்து அடித்துப் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டார்.

"தாயி, இங்கன வா. கார்டுல உள்ள பேரு போடச் சொல்லுது. கட்டத்தத் தொட்டா எங்க வீட்டுக்காரி பேரு வருது."

போய்ப் பார்த்தேன். பெயர்க் கட்டத்தின் கீழே அவள் பெயர், அதன் அடியில் ஒரு கார்டின் கடைசி நாலு எண். வேறு ஆன்லைன் கடையில் கொடுத்த கார்டு இங்கே எப்படி வந்தது என்று ஒரு நொடி புரியவே இல்லை. பிறகு புரிந்தது. அவசரத்தில் போனில் நான் தொட்ட அந்தச் 'சேமி', அதே அக்கவுண்ட் வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்கிறது. பாஸ்வேர்டைத்தான் பிரவுசர் எந்தத் தளத்தில் சேமித்ததோ அங்கே மட்டும் நீட்டும். கார்டு அப்படி இல்லை. பாதுகாப்பான பக்கம் எதிலாவது கார்டுக் கட்டம் இருந்தால் போதும், கொண்டுவந்து காட்டிவிடும்.

"அது யாரோ, அண்ணாச்சி. அதே பேருல எத்தன பேரு இருக்காவ" என்றேன். இவ்வளவு நீள வாயிலிருந்து அவ்வளவு மட்டமான பொய்தான் வந்தது.

அவள் பெயருக்கு முன்னால் இனிஷியலாக அவளுடைய அப்பா பெயரின் முதல் எழுத்து இருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உதிரி பாகம் வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே அக்காவை வரச் சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"எம் பணம் போயிட்டா?" என்றாள்.

"இல்லக்கா. ஒரு ரூபா போகல. கம்ப்யூட்டர்ல அந்தக் கார்டத் தொட்டுப் பாருங்க" என்று காட்டினேன். தொட்டதும் பின்பக்கத்து மூன்று எண்ணைக் கேட்டது. அதை என் பிரவுசர் சேமிக்கவில்லை, அந்த வசதியை நான் போட்டுவைக்கவில்லை. அது இல்லாமல் முழு நம்பரும் வராது. அதையும் தாண்டினால் ஓடிபி இவள் போனுக்குத்தான் வரும்.

"ஒன் போன்ல?"

போனில் தொட்டேன். விரல் ரேகை கேட்டது. வைத்தேன். பதினாறு எண்ணும் கட்டத்தில் வந்து நிரம்பின.

அவள் என் விரலையே பார்த்தாள். "எம் விரல வச்சா?"

அவள் விரலை வைத்தாள். திறக்கவில்லை.

"எங் கார்டு எனக்குத் தொறக்காது. ஒனக்குத்தான் தொறக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. சுவரைப் பார்த்து உட்கார்ந்த அத்தனை பெருமையும் அங்கேயே கொட்டிப்போயிற்று.

"அப்ப எதட்டி வெளிய போச்சு?"

"உங்க பேரு. கடைசி நாலு நம்பரு. அம்புட்டுதான்."

"அது போதுமே. கார்டுல நான் அத மட்டுந்தான மறச்சேன்."

நம்பரைக் காப்பாற்ற எத்தனை பூட்டு போட்டிருந்தார்கள். அவளுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது என்பதற்கு ஒரு பூட்டும் இல்லை. அவள் பயந்ததோ அது வெளியே தெரிவதற்குத்தான். அவள் கண் முன்னாலேயே அந்தக் கார்டை அக்கவுண்டிலிருந்து அழித்தேன். மூன்று கம்ப்யூட்டரிலும் போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பிறகு எல்லாவற்றிலிருந்தும் என் அக்கவுண்டையே எடுத்துவிட்டேன். அவள் அதை முழுக்கப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொறந்த வீட்டு அண்ணன் தம்பிக்குப் பணம் குடுக்கேன்னு நெனச்சிக்கிட்டு அவுக உக்காந்திருப்பாக. ஒண்ணு, அப்படியே நெனச்சிக்கிடட்டும்னு விடணும். இல்ல, காதச் சொல்லணும்" என்றாள். நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு உதவியிருக்காது.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. அவள் தெரு வழியாகப் போகவே எனக்குக் கூசியது. பிறகு ஒரு காலையில் வந்தாள். முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். காதுக்குப் பின்னால் மெஷின் பளிச்சென்று தெரிந்தது.

"சொல்லிட்டேன்" என்றாள். "ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கிட்டிருந்தாக. மூணாவது நாளு பக்கத்துல வந்து மெதுவாக் கூப்பிட்டுப் பாத்தாக. திரும்பினேன். அப்புறம் அழுதுட்டாக."

மெஷினுக்கு பேட்டரி வாங்க வேண்டும் என்றாள். போன தடவைபோல என் போனை எடுத்தேன்.

"அது வேண்டாம்" என்றாள்.

கம்ப்யூட்டரின் முன்னால் அவளே உட்கார்ந்தாள். கார்டை டியூப் லைட்டுக்குச் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்து அடித்தாள். இரண்டு தடவை சிவப்பில் தவறு என்று வந்தது. மறுபடி முதலிலிருந்து அடித்தாள். கேமராவுக்கு அரை நிமிஷ வேலை. அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. என் கை துறுதுறுத்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது தடவை, பதினாறாவது எண்ணுக்கு முன்னால் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீ நல்லவதான் மக்கா. ஆனா அங்கன திரும்பிக்கோ."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். பின்னால் ஒவ்வொரு பட்டனும் அழுந்துகிற சத்தம் கேட்டது. ஓடிபி வந்த சத்தம் கேட்டது. பிறகு சேமிக்கவா என்ற பெட்டி வந்திருக்க வேண்டும். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிற முணுமுணுப்பு கேட்டது. கடைசியாக மவுஸ் ஒரு தடவை தட்டியது.

"வேண்டாம்னு போட்டுட்டேன்" என்றாள். "இனி நீ திரும்பலாம்."