காரணம் சொன்ன வாய்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு முழச் சிவப்பு ரிப்பன் சுருட்டிக் கிடக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து, நிறம் வெளுத்து, செங்கல் தூள் மாதிரி ஆகிவிட்டது. மூன்று வயதுப் பையன் ஒருவனின் முடியை உச்சியில் சேர்த்துக் கட்டிய ரிப்பன் அது. அவன் என் பிள்ளையில்லை, பக்கத்துக் காம்பரா அக்காவின் பிள்ளை. பேரப்பிள்ளைகள் கேட்டால் "கெடக்கட்டும், வைங்க" என்று வாங்கி உள்ளே வைத்துவிடுவேன்.

இலங்கையில் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வயது இருபது, என் நாக்குக்கு மட்டும் அறுபது. எதற்கும் பதில் வைத்திருப்பேன். அக்காவும் நானும் சொந்தமில்லை. ஆனால் லயத்தின் ஒற்றையறை வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பரா; அவள் வீட்டு அடுப்பில் நெருப்பில்லையென்றால் என் வீட்டிலிருந்து போகும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் அந்தப் பையன். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை வார்த்து, பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்டபோது, மாத்தளை மாரியம்மன் மாசித் தேருக்கு வந்து முடியிறக்குகிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டாள். முதல் மாசியில் மாமியார் செத்துத் தீட்டு. அடுத்த மாசியில் இளைய மகளுக்குக் காய்ச்சல். முடி வளர்ந்துகொண்டே போனது. தினம் காலையில் எண்ணெய் வைத்து, சீவி, அந்த ரிப்பனால் கட்டித்தான் கொண்டுவருவாள். "ஏன்டி ராசாத்தி, இன்னிக்கி எந்த மாப்பிள்ள வாரான்?" என்று நான் கேலி செய்தால் என் முழங்காலில் குத்துவான்.

அன்றைக்குக் காலையில் மழை. பையனின் குரல் கட்டியிருந்தது. ராத்திரி முழுக்க முனகினான், டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று வாசலில் நின்று அக்கா கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். சூடு அதிகமில்லை.

"சளிதான் அக்கா. பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்பிட்டுருவாங்க, போங்க. நான் பாத்துக்கிறேன்."

போய்விட்டாள். மத்தியானத்துக்குள் அவன் கழுத்து வீங்கி, இழுத்து இழுத்து மூச்சு விட்டான். தூக்கிக்கொண்டு ஓடினேன். டிஸ்பென்சர் ஐயா டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. தொண்டை அடைப்பான், டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும் என்றார். தோட்டத்து லொறி கீழே போயிருந்தது. சேதி கேட்டுக் கொழுந்து மலையிலிருந்து ஓடிவந்த அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கினாள். நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மதகுக்குக் கிட்டப் போகும்போது அந்த இழுப்புச் சத்தம் நின்றது. இழுப்பு நின்னிருச்சு, தூங்குறான் என்று அக்கா சொன்னாள்.

பிறகு டிஸ்பென்சர் ஐயாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். காலையிலேயே ஊசி போட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான் என்றார். அந்த "ஒருவேளை" அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்துபோகவில்லை.

துக்கம் கேட்க லயமே வந்தது. ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். அக்கா ஒவ்வொருவரிடமும் அந்தக் காலையிலிருந்து ஆரம்பிப்பாள். எழும்பினான், ரொட்டியில் பாதி தின்றான், ரிப்பனை இறுக்கிக் கட்டிட்டேன் என்று அழுதான். அந்த இடம் வந்ததும் யாராவது குறுக்கே விழுந்துவிடுவார்கள். "தலையெழுத்தும்மா, யாரால அழிக்க முடியும்?" அவள் நிறுத்திவிடுவாள். "நல்ல புள்ளைகளத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்." அதைக் கேட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களையும் பயத்தோடு பார்த்தாள். "இன்னும் ரெண்டு இருக்கே, மனச தேத்திக்க." எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பாள். ஆறுதலாகிவிட்டாள் என்று நினைத்து அவர்கள் எழுந்துபோவார்கள். மதகுவரை அந்தக் கதையை அவள் ஒரு தடவைகூடச் சொல்லி முடிக்கவில்லை. தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் வயிற்றுவலியும்?

ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் கீறல். வெட்டியது நான்.

மூன்றாம் நாள், கூட்டம் குறைந்த பிறகு, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் தங்கச்சி? ஏன் எம்புள்ளைக்கு?" அவளுக்கு அதற்குப் பதில் தேவையில்லை. அது கேள்வியே இல்லை, இன்னொரு விதமான அழுகை. எனக்கு அப்போது அது புரியவில்லை. காலையில் வாசலில் நின்று கேட்டதை ஞாபகப்படுத்திவிடுவாளோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"காரணமில்லாம ஆத்தா எடுத்துக்க மாட்டா அக்கா."

பாவி, அதோடு நிறுத்தவாவது செய்தேனா? "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், நமக்குத்தான் வெளங்காது" என்றும் சேர்த்தேன். சொன்னதும் என் மனசுதான் லேசானது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றால் நான் சளி என்று சொன்னது ஒன்றுமில்லாமல் போகிறதே!

அக்கா அழுகையை நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "முடி எறக்கல" என்றாள்.

அவ்வளவுதான். காரணம் இருக்கிறதென்று சொன்னால், பறிகொடுத்தவள் அதைத் தேடாமல் இருப்பாளா? வெளியே தேடமாட்டாள். தன் மடியைத்தான் உதறிப் பார்ப்பாள். ரெண்டு வருஷம் ஆத்தாளை ஏமாத்திட்டேன், எம்புள்ளைய நானே குடுத்துட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். பின்னே என்ன காரணம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் டவுனிலிருந்து புடவைப் பொட்டணத்தோடு வரும் முஸ்லிம் வியாபாரி நானா வந்தார். பொட்டணத்தை இறக்கி வைத்தார். "என்ன சொல்றதுன்டே வெளங்கல்ல புள்ள" என்றார். கொஞ்சம் கழித்து, "மகன் என்னத்த விரும்பித் தின்பான்?" என்று கேட்டார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். ரொட்டி, ரிப்பன், மழை, மதகு. ஒரு தடவை முடித்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, புடவையும் விற்கவில்லை. ஆத்தா அவரை முதல் நாளே அனுப்பியிருக்கக்கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதற்குள் அவள் கதையின் முடிவில் "எல்லாம் நான் செஞ்ச குத்தம்" என்ற வரி ஏறியிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு மாசியிலும் அக்கா தேருக்குப் போய்த் தன் தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தாள். முடி காதுவரை வளர்ந்தால் அடுத்த மாசி வந்துவிடும். சுடுகாட்டுப் பக்கம் போனாலும் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டாள். அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்பாள். ஒவ்வொரு மாசிக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அவள் மொட்டைத் தலையோடு திரும்பி வருவாள். நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பேன்.

கடைசியில், தோட்டத்து ஆட்களைத் திருப்பியனுப்பிய காலத்தில், அவர்கள் குடும்பத்துக்கும் இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்தது. மாத்தளை ஸ்டேஷனில், இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில், இனி விட்டால் இல்லை என்று அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அன்னிக்கி காலையில டிஸ்பென்சரிக்குப் போகட்டுமான்னு கேட்டீங்க. நான்தான் சளின்னு சொல்லி அனுப்புனேன். குத்தம் என்னோடது."

அவள் என் கன்னத்தைத் தடவினாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"நீ என்ன செய்வ தங்கச்சி? உன் வாயால அப்படிச் சொல்ல வச்சதும் ஆத்தாதான். காரணமில்லாம எடுப்பாளா? நீதானே சொன்ன."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ரிப்பனை என் கையில் வைத்தாள். கடல் தாண்டிக் கொண்டுபோகத் தனக்கு உரிமையில்லை என்றாள். ரயில் போய்விட்டது. அவளிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

இப்போது சாவு வீட்டுக்குப் போனால் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். வாயாடிக் கிழவிக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து ரிப்பனைப் பிரித்துப் பார்க்கிறேன். நடுவில் முடிச்சு விழுந்த இடம் மட்டும் வெளுக்காமல் இன்னும் நல்ல சிவப்பாக இருக்கிறது.