நன்றி சொல்லி வாங்கிய திட்டு

எங்கள் ஆபீசில் அவளை எல்லாரும் 'பிரெஞ்சு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீர் பம்புகளுக்கு உதிரிப் பாகம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி இது. இங்கே பிரெஞ்சில் மெயில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேலை முடிந்து, பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, மாலை வகுப்புக்கு ஓடி ஓடிப் படித்த மொழி. அவளுடைய எதிர் மேஜை என்னுடையது. அவளுக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். பிரெஞ்சு வாடிக்கையாளர் கம்பெனியில் பொருள் வாங்கும் அதிகாரி புகார் அனுப்பியிருந்தாராம். இந்தப் பெண் என்னைச் சின்னப் பையனைப் போல அதட்டுகிறார், வேறு ஆளைப் போடுங்கள் என்று. மேனேஜருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் தீர்ப்பு தயாராக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவள் குடோனில் சரக்கு எண்ண வேண்டுமாம். திமிரை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாராம். திமிராம்! அக்கா பேசினால் எதிர் மேஜையில் இருக்கும் எனக்கே பாதி கேட்காது.

புதுப் பாகத்தின் வரைபடத்துக்கு அவரிடம் ஒப்புதல் கேட்டு அவள் எழுதிய மெயில்களிலிருந்து இரண்டு சொற்கள்தான் புகாரில் குறிப்பிடப்பட்டிருந்தன. 'கொம் கொன்வெனு', அதாவது பேசிக்கொண்டபடி. 'பூர் ரப்பெல்', அதாவது நினைவூட்டலுக்காக. அகராதியைப் புரட்டிப் பார்த்தோம். அதட்டல் எங்கேயும் இல்லை. மதியம் அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பிரெஞ்சுக்காரர்களோடு வேலை பார்க்கும் தன் பழைய தோழிக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நீ அனுப்ப வேண்டியத நீ அனுப்பும்போது, 'கொம் கொன்வெனு, வரைபடம் இணைச்சிருக்கேன்'னு போட்டா தப்பே இல்ல" என்றாள் தோழி. "அவர் இன்னும் செய்யாத வேலையப் பத்தி எழுதும்போது போட்டா, 'ஒத்துக்கிட்டீங்களே, ஏன் செய்யல'ன்னு கேக்குற மாதிரி. பூர் ரப்பெல் அதவிட மோசம். 'எத்தன தடவ சொல்றது'ன்னு காதத் திருகுற மாதிரி இருக்கும்."

சாந்தமாக எழுத வேண்டுமென்றால் 'ஜெ மெ பெர்மே தெ ரெவ்னீர் வேர் வூ' என்று தொடங்கச் சொன்னாள். மறுபடி உங்களைத் தொடர்புகொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற தொனி. 'பேசிக்கொண்டபடி' என்று இடிப்பதற்குப் பதில், நாம் பேசியதைத் தொடர்ந்து என்று எழுதலாம். ஏன் அனுப்பவில்லை என்பதை விட்டு, பார்க்க நேரம் கிடைத்ததா என்று கேட்கலாம்.

"ஆமா, அந்த ரெண்டையும் நீ எங்கடி பிடிச்ச?"

அக்கா போனை வைத்துவிட்டு அந்த அதிகாரியின் பழைய மெயில்களைத் திறந்தாள். பூர் ரப்பெல், பெட்டியில் லேபிள் ஒட்ட வேண்டும். கொம் கொன்வெனு, சோதனை அறிக்கை நேற்றே வந்திருக்க வேண்டும். பூர் ரப்பெல், பூர் ரப்பெல். வகுப்பில் வணக்கமும் முடிப்பு வரியும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நடுவில் எழுதுவதை எல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாள். பிரெஞ்சுக்காரரே எழுதுகிறார், மரியாதையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள்.

"ஏழு மாசமா அந்த ஆளு என்னத் திட்டியிருக்காரு" என்றாள். "நான் ஒவ்வொண்ணுக்கும் நன்றி எழுதியிருக்கேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, முகம் சிவந்துவிட்டது. எனக்கோ அந்த ஆளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போல இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாதது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

மேனேஜர் மன்னிப்பு மெயில் கேட்டார். அவள் எழுதினாள். அந்த இரண்டு சொற்களையும் உங்கள் மெயில்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன், மரியாதைச் சொற்கள் என்று நினைத்தேன், மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள். வரைபடத்தைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைத்ததா? அவ்வளவுதான். தமிழில் படித்துக் காட்டியபோது, முதல் வரியை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். வாடிக்கையாளரைக் குத்திக்காட்டுவது போல இருக்கிறதாம். அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன அதே வாய்.

"அந்த வரி போனா மெயிலும் போகாது சார். நான் குடோனுக்கே போறேன்."

வரைபடத்துக்கு ஒப்புதல் வராமல் பட்டறையில் வேலை நின்று கிடந்தது. வேறு வழியில்லாமல் மேனேஜர் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. ஒப்புதல் கொடுத்திருந்தார். ஒரு துளையின் அளவை மட்டும் சரிபார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். இனியும் இவரே எழுதட்டும் என்று கடைசியில் ஒரு வரி. மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, எல்லாம் சுமுகமாக முடிந்தது, குடோன் பேச்சை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தானே முடித்து வைத்தவர் போலப் போனார்.

அக்கா திரையை என் பக்கம் திருப்பி அவருடைய பதிலின் முதல் வரியில் விரலை வைத்தாள். தோழி சொன்ன அதே சாந்தமான தொடக்கம்: ஜெ மெ பெர்மே தெ ரெவ்னீர் வேர் வூ.

"இப்படி எழுத அவருக்குத் தெரியும்" என்றாள். "ஏழு மாசமும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."