மண்டூர்க் கரையிலிருந்து திறந்த கேற்

தனுஷா தையல் மெசினிலிருந்து எழும்பி வந்தபோது மாமனாரின் கதிரை வெறுமையாக இருந்தது. தேத்தண்ணி பாதி குடித்தபடி கிடந்தது. கேற்றைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. அதனால் உடனே பதறவில்லை.

அழகரத்தினம் ஒருகாலத்தில் பஸ் ஓட்டியவர். மூன்று வருடமாக நினைவு தவறிக்கொண்டு வருகிறது. சாப்பிட்டது மறந்துபோகும், மருமகளின் பெயர் மறந்துபோகும். ஆனால் திறந்த கேற்றைக் கண்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வெளிக்கிட்டுவிடுவார். குருமண்வெளியில் அவர்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தாண்டினால் வாவி. அதற்காகத்தான் மோட்டர் வைத்த கேற் போட்டார்கள். அதற்காகத்தான் தனுஷா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள்.

கேற்றைப் போனோடு இணைத்தது அவள் கணவன் உதயரூபன். அவனுக்கு வாவிக்கு அக்கரையில், வெல்லாவெளியில் வேலை. காரோடு மண்டூர்த் துறைக்கு வந்து, 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில் காரை ஏற்றி இக்கரை சேருவான். வீட்டை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் கீறியிருந்தான். அவன் போன் வட்டத்துக்குள் வந்தால் முன்லைற் எரியும், கேற் திறக்கும். வெளியே போனால் லைற் அணையும், கேற் பூட்டும். வட்டம் முதலில் சின்னதாக இருந்தது. கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் போன் விழித்துக்கொள்ளும். போன ஞாயிறு அதை ஒரு கிலோமீற்றருக்கு இழுத்துவிட்டான். வீட்டு றோட்டுக்குத் திரும்பும்போதுதான் கேற் திறக்கத் தொடங்கும் என்பது அவன் கணக்கு.

அதன் பிறகு இரண்டு பின்னேரம் அவன் வரும்போது கேற் ஆவென்று திறந்து கிடந்தது. "அப்பாவ வச்சிக்கொண்டு கேற்றத் திறந்துபோட்டு என்னடி தைக்கிறாய்?" என்று ஏசினான். தான் திறக்கவில்லை என்று அவள் சொன்னாள். இரண்டாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது குளியலறை, பின்வளவு, கோழிக்கூட்டுப் பக்கம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கிணற்றைக் கடைசியாகத்தான் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. போனை எடுத்தாள்.

"இஞ்சருங்க, மாமாவக் காணல்ல."

"கேற் பூட்டிக் கிடக்கா?"

"ஓம்."

"அப்ப வளவுக்குள்ளதான் இருக்கார். கிணத்தப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்திட்டன்."

"மறுகாப் பார். நான் மண்டூர்த் துறையில நிக்கிறன். பாதை இன்னும் இந்தக் கரைக்கு வரல்ல."

அந்த நேரம் முன்லைற் எரிந்தது. மோட்டர் உறுமியது. கேற் தானாக நகர்ந்து திறந்தது. வாசலில் காரும் இல்லை, ஆளும் இல்லை.

"கேற் திறக்குது," என்றாள்.

"நீ சுவிச்ச அமத்தினியா?"

"நான் கிணத்தடியில நிக்கிறன்."

அவன் பேசுவதற்குள் லைற் அணைந்தது, கேற் திரும்பவும் பூட்டியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் கீறிய வட்டம் தண்ணீரைத் தாண்டி மண்டூர்த் துறை வரை போகிறது. துறை வட்டத்தின் ஓரத்தில். அவன் நின்ற இடத்திலேயே நின்றாலும் போன் காட்டும் இடம் கொஞ்சம் அங்கும் இங்கும் ஆடும். ஒருதரம் உள்ளே, ஒருதரம் வெளியே. கேற் திறந்திருக்கிறது, மாமனார் போயிருக்கிறார், அவருக்குப் பின்னால் பூட்டியும் இருக்கிறது. பூட்டிய கேற்றை நம்பி அவள் இவ்வளவு நேரமும் வளவுக்குள் தேடியிருக்கிறாள்.

கேற் மோட்டரின் சுவிச்சை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவின் பூட்டைத் திறந்து ஓடினாள். முன்வீட்டு அன்னப்பூரணி வேலியோரம் நின்றாள்.

"அக்கா, மாமாவக் கண்டீங்களா?"

"அவர் அப்பவே வாவிப் பக்கம் போனாரே! மகன் வாறான் எண்டு நீதான் திறந்து விட்டாயாக்கும் எண்டு நினைச்சன் புள்ள."

இக்கரைத் துறைக்குக் கொஞ்சம் தள்ளி, வாவியோரக் கண்ணா மரப் பற்றைகளுக்கு நடுவே அவர் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே. இன்னும் ஒரு அடி வைத்தார், இடுப்பு நனைந்தது.

"மாமா, நில்லுங்க!"

"விடு புள்ள. பஸ் வெளிக்கிடப் போகுது."

சேறு காலை இழுக்க இழுக்க இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். வயதானாலும் ஸ்டியரிங் பிடித்த கை.

"நீங்க இல்லாம அது எப்பிடி மாமா வெளிக்கிடும்? றைவர் நீங்கதானே."

அவர் யோசித்தார். "ஓம், அதுவும் சரிதான்," என்றபடி திரும்பினார்.

உதயரூபன் வந்தபோது கேற் பூட்டியிருந்தது. அவள் போய்த் திறக்கவில்லை. கிணற்றடியில் மாமனாரின் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் காரை றோட்டிலேயே விட்டுவிட்டு, சின்னக் கதவால் ஓடி வந்து தகப்பனைத் தொட்டுப் பார்த்தான்.

"வட்டத்தப் பழையபடி சின்னனாக்கிறன்," என்றான்.

"சின்னனும் வேணாம். லைற் தானா எரியட்டும். கேற் வேணாம். வாசல்ல வந்து நிண்டு, கண்ணால பாத்து, நீங்களே போன அமத்தித் திறவுங்க."

அங்கேயே நின்று போனில் அந்த வட்டத்திலிருந்து கேற்றை நீக்கினான். அவள் போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.

"அண்டைக்கும் நீ திறக்கல்லத்தானே," என்றான் மெதுவாக.

"இல்ல."

"நான் கனக்க ஏசிப்போட்டன்."

"உள்ள போய்க் காஞ்ச சாரம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்க," என்றாள் தனுஷா. "மாமாவுக்கு நடுங்குது."