சட்டைப் பை இருந்த பக்கம்

செய்தித்தாள் அலுவலகத்தின் படப் பிரிவில் அவருக்கு ஜூம் அக்கா என்று பெயர். வாசகர்கள் அனுப்பும் படம் எதுவானாலும் முதலில் அதைப் பெரிதாக்குவார். கடைப் பலகை, வண்டி எண், நிழல் விழும் திசை என்று மூலை மூலையாகத் துழாவுவார். அச்சுக்குப் போக வேண்டிய பக்கம் அதுவரை காத்துக்கிடக்கும். பக்கம் கட்டுகிற தம்பிக்கு வியர்க்கும்.

"அக்கா, பாலம் இடிஞ்ச படம்க்கா அது. பாலத்தப் பாருங்க. பின்னாடி இருக்கற பெட்டிக்கடைய ஏன் பாக்கறீங்க?"

"பாலம் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்டா இடியும். கடை போர்டுலதான் ஊர் பேரு இருக்கும்."

இந்தப் புத்தி பிறரை ஏமாற்றிப் பழகியதில் வந்தது. படப் பிரிவுக்கு வருமுன் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் தயாரித்தார். கண் மூடியவர்களுக்குக் கண் திறந்துவிடுவார். சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத ஒரு சித்தப்பாவை, வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்து இரண்டாவது வரிசையில் நிறுத்தினார். சித்தப்பாவின் நிழல் மட்டும் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அந்தச் சித்தப்பாவே, அன்று சாப்பாடு பிரமாதம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜூம் அக்காவின் சொந்தக் குடும்பத்து குரூப்பில் மட்டும் இந்தத் திறமை எடுபடவில்லை. குரூப்பை நடத்துவது பெரியப்பா. அவர் போடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே "எங்க எடுத்தது? யார் எடுத்தாங்க?" என்று இவர் கேட்க, பெரியப்பா ஒருநாள் "நீ பேப்பர்லயே கேட்டுக்கம்மா" என்று எழுதி, இவரை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். எல்லோர் எதிரிலும் திருத்தினால் மனிதர்கள் படத்தை விட்டுவிட்டு உங்களைத்தான் அழிப்பார்கள் என்று அன்று தெரிந்துகொண்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் சார் ஒன்பதாம் வகுப்புக்குப் பேச அழைத்தார். வீட்டு குரூப்பில் வரும் படத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன் எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் தலைப்பு. வாசலிலேயே தலைமை ஆசிரியை மறித்தார்.

"வாங்க, வாங்க. ஒண்ணே ஒண்ணு. கேன்டீன் விஷயத்த மட்டும் எடுத்துடாதீங்க."

"என்ன விஷயம் டீச்சர்?"

தலைமை ஆசிரியை தன் போனைக் காட்டினார். அழுக்குச் சமையலறை, மாவுப் பாத்திரத்தின் விளிம்பில் எலி, பக்கத்தில் கேமராவைப் பார்த்து நிற்கும் ஓர் ஆள். அவர் முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் பள்ளியின் பெயரும், 'நம் பிள்ளைகள் சாப்பிடும் கேன்டீன்' என்ற வரியும்.

"ஒரு வாரமா எல்லா வீட்டு குரூப்லயும் இதுதான். நானே போய்ப் பாத்துட்டேன், கேன்டீன் சுத்தமாத்தான் இருக்கு. 'முன்கூட்டியே கழுவி வச்சிட்டாங்க'ன்னு பெத்தவங்க சொல்றாங்க. சாயங்காலம் பெற்றோர் கூட்டம். கேன்டீன்காரர வெளிய அனுப்பணும்னு தீர்மானம் போடப் போறாங்க. அவர் பொண்ணும் இந்த கிளாஸ்லதான் இருக்கா."

கம்ப்யூட்டர் அறையில் நாற்பது முகங்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி.

ஜூம் அக்கா தான் கொண்டுவந்த படங்களைத் திரையில் போட்டார். மழைநீரில் நீந்தும் முதலை. இரண்டு தலை மாடு. பிள்ளைகள் ஒரே நொடியில் கண்டுபிடித்தார்கள்.

"மேம், இதெல்லாம் எங்க மாமாவே நம்ப மாட்டாரு," என்றான் முதல் வரிசைக் குறும்பன்.

"ஏஐ படமான்னு சொல்ற ஆப் இருக்கு மேம்," என்றது இன்னொரு குரல்.

"இருக்கு. ஒரே படத்த ரெண்டு ஆப்ல போடு, ஒண்ணு ஆமாங்கும், ஒண்ணு இல்லைங்கும். அத மட்டும் நம்பி முடிவு பண்ணாத. அதோட, நம்மள ஏமாத்தற படத்துல நிறைய நிஜமான படம். படம் நிஜம், மேல எழுதினதுதான் பொய்."

குறும்பன் மெல்லக் கேட்டான். "அப்ப கேன்டீன் படம்?"

ஜூம் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியையைப் பார்த்தார். "நீச்சல் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டுட்டு, தண்ணிய மட்டும் தொடாதீங்கன்னா எப்படி டீச்சர்?"

"நிஜம்னு வந்துட்டா?"

"வந்துட்டா அதுவும் தெரியட்டும்." பிறகு ஜன்னல் ஓரத்துப் பெண்ணிடம் திரும்பினார். "உங்கப்பா விஷயம் கண்ணு. நீ வேணாம்னா வேணாம்."

அவள் தலை நிமிர்ந்தாள். "தேடுங்க மேம்."

ஜூம் அக்கா படத்தைக் கணினியில் ஏற்றினார். மேலே இருந்த சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை மட்டும் கொடுத்து, இதே படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடினார். முடிவுகள் வந்தன. எல்லாம் இந்த வாரத்துப் பதிவுகள். எல்லாவற்றிலும் இதே பள்ளியின் பெயர். இன்னொரு தேடுதளத்திலும் அதேதான்.

"அவ்ளோதானா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஜன்னல் ஓரத்தில் தலை மறுபடி கவிழ்ந்தது.

"பழசு கிடைக்கலன்னா நிஜம்னு அர்த்தமில்ல. நமக்குக் கிடைக்கலன்னுதான் அர்த்தம். தேடறத நிறுத்துங்க, இப்ப பாருங்க. எலிய விட்டுடுங்க. எல்லாரும் எலியத்தான் பாக்கறீங்க."

படத்தைப் பெரிதாக்கினார். பிள்ளைகள் திரைக்கு அருகே முண்டியடித்தார்கள். ஜன்னல், ஸ்விட்ச், பாத்திர அடுக்கு, அந்த ஆளின் சட்டை. தையல்காரரின் மகளான ஒருத்தி மூக்கைத் திரையில் ஒட்டாத குறையாக நின்றாள்.

"மேம், இவர் சட்டைல பாக்கெட் வலது பக்கம் இருக்கு."

"அதுக்கென்ன இப்ப?" என்றான் குறும்பன்.

"உன் சட்டையப் பாருடா. இடது பக்கம்தான இருக்கு? எங்க வீட்ல வலது பக்கம் வச்சுத் தச்சா கஸ்டமர் மூஞ்சில விட்டெறிவாங்க."

நாற்பது கைகள் நாற்பது சட்டைகளைத் தடவின. ஜூம் அக்கா தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். நிழல் பார்த்தார், பலகை பார்த்தார், பையைப் பார்க்கவில்லை. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். திருப்பிப்போட்டால் பல நேரங்களில் தேடலின் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

"நீயே வந்து திருப்பும்மா," என்று மௌஸை அவளிடம் கொடுத்தார்.

அவள் திருப்பினாள். பை இடது பக்கம் வந்தது. தேடலை அழுத்தினாள்.

முதல் முடிவே வேறொரு நகரத்தின் செய்தித் தளம். மூன்று வருடம் பழையது. அதிகாரிகள் பூட்டி சீல் வைத்த ஓர் ஓட்டலின் சமையலறை. அதே எலி, அதே ஆள், அதே அறையை வேறு கோணங்களில் எடுத்த இன்னும் நான்கு படங்கள். அறை வெடித்தது. மேசைகளைத் தட்டினார்கள். குறும்பன் தையல்காரர் மகளின் நாற்காலியைத் தூக்கி வந்து, "உக்காருங்க மேடம்," என்றான்.

"கத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணு," என்றார் ஜூம் அக்கா. "கேன்டீனுக்குப் போய் ஒத்துப் பாக்கணும்."

மொத்த வகுப்பும் படி இறங்கியது. படத்தில் வெள்ளை ஓடு, பெரிய ஜன்னல். கேன்டீனில் பச்சை வண்ணம் பூசிய சுவர், ஜன்னலே கிடையாது, ஒரு காற்றாடி மட்டும். பன் அடுக்கிக்கொண்டிருந்த கேன்டீன்காரர் கூட்டத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"அப்பா, அது வேற ஊருப்பா!" என்று கத்தினாள் மகள்.

காலையில் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிய பிள்ளைகளின் போன்களைத் தலைமை ஆசிரியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மறுப்பை அனுப்புமுன் ஒன்று பார்த்துவிடலாம் என்றார் ஜூம் அக்கா. "உங்க வீட்டுக்கு இது யாரு மூலமா வந்துச்சு?" பிள்ளைகள் பின்னோக்கித் தேடினார்கள். அத்தை, அத்தைக்கு மாமா, மாமாவுக்கு அவர் பையன். மூன்று பேரின் பாதை ஒரே இடத்தில் போய் முட்டியது. கேன்டீன்காரரின் மகள்.

அவள் தன் போனை நீட்டினாள். "'இது எங்க கேன்டீன் இல்ல, நம்பாதீங்க'ன்னு கீழ எழுதித்தான் எல்லா குரூப்லயும் போட்டேன் மேம்."

"தெரியும் கண்ணு. அடுத்தவங்க அனுப்பறப்ப படம் போச்சு, நீ எழுதினது கழண்டு போச்சு. முதல்ல போட்டவன் ஏதோ தெரியாத நம்பர். அவன் போட்டத விட நீ போட்டதுதான் நல்லா ஓடியிருக்கு." அவள் தோளில் கை வைத்தார். "மறுப்ப படத்துக்குக் கீழ எழுதக் கூடாது. படத்து மேலயே எழுதணும். குறுக்க."

படத்தின் நடுவே மூலையிலிருந்து மூலைக்குத் தடித்த கோடு. கோட்டின் மேல் 'இது நம் பள்ளி இல்லை.' எந்தப் பக்கம் வெட்டினாலும் எழுத்து வெட்டுப்படும், கோடு மிஞ்சும். பக்கத்திலேயே இப்போது எடுத்த பச்சைச் சுவர். கீழே பழைய செய்தியின் இணைப்பு.

"ஒரே ஒரு விதி. குரூப்ல யாரையும் திட்டாதீங்க. போட்டவருக்குத் தனியா போன் பண்ணுங்க. அவரே அவர் கையால திருத்தட்டும். நீங்க போட்டா சின்னப் பையன் பேச்சு, அவர் போட்டா செய்தி."

தாழ்வாரம் சந்தைக்கடையானது.

"சித்தி, நீங்க தப்புப் பண்ணலன்னு நான் சொல்றேன்ல. உங்களையும் ஏமாத்திட்டாங்க சித்தி."

"தாத்தா, எலி நிஜம்தான். ஊரு வேற. ஊரு! காது மெஷின மாட்டுங்க."

"மாமா, இத முதல்ல நீங்க போட்டா உங்களுக்குத்தான் பேரு." இது குறும்பன். "ஆமா மாமா, அத்தைக்கு முன்னாடி."

மாலைக் கூட்டத்துக்குப் பெற்றோர் வந்தபோது பாதிப் பேர் கையில் கோடு போட்ட படம் இருந்தது. மீதிப் பேருக்கு அவர்கள் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் தீர்மானத் தாளுடன் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"வர்ற வழியில என் பேரன் மூணு தடவ போன் பண்ணிட்டான். நானும் இந்தப் படத்த நாலு குரூப்ல போட்டவன்தான். நாலுலயும் இப்ப திருத்திப் போட்டுட்டேன்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இடது பக்கம். பிள்ளைகள் ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. "கேன்டீன்காரரே, எல்லாருக்கும் டீ போடுங்க. சமையலறைய யாரு வேணா உள்ள வந்து பாக்கலாம்னு அடுத்த தீர்மானம் போட்டுக்கலாம்."

"இப்பவே பாருங்க சார்," என்று கேன்டீன்காரர் கதவை அகலத் திறந்துவிட்டார். மகள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபுறமும் இப்போது நிற்க இடமில்லை.

ஜூம் அக்கா இரண்டாவது டீயில் இருந்தபோது போன் அதிர்ந்தது. தாழ்வாரத்திலிருந்து கிளம்பிய கோடு போட்ட படம் எத்தனை குரூப் தாண்டியதோ, பெரியப்பா வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் கீழே, ஒரு பிரம்மாண்ட மீனின் படம்.

"இத குரூப்ல போடலாமாம்மா? உன்ன மறுபடி சேத்துட்டேன். ஆனா தனியாவே சொல்லு."

ஜூம் அக்கா டம்ளரை வைத்துவிட்டு மீனைப் பெரிதாக்கினார். மீனை விட்டுவிட்டு, பின்னால் நின்ற படகின் பெயரை.