எழுபதா, நூறா

சக ஆசிரியர்கள் 'உடும்பு' என்று பெயர் வைத்த கணக்கு டீச்சர், விடைத்தாள் திருத்தும் கூடத்தில் பேனாவை மூடிவிட்டாள். இருசமபக்க முக்கோணத்தின் ஒரு கோணம் நாற்பது பாகை. பெரிய கோணம் எவ்வளவு என்பது கேள்வி. விடைக்குறிப்பில் நூறு மட்டும்தான். சமமான இரண்டு கோணங்களில் ஒன்று நாற்பதானால் நூறு வரும். தனிக் கோணம் நாற்பதானால் எழுபது வரும். எந்தக் கோணம் என்று கேள்வி சொல்லவே இல்லை.

"எழுபது எழுதின பிள்ளைங்களுக்கும் மார்க் போடணும் சார்."

"பாதிக் கட்டு திருத்தியாச்சு. இப்ப வந்து வம்பு பண்றீங்களா?" கேள்வியை எழுதிய தலைமைத் திருத்துநர் சீறினார்.

"உடும்பு புடிச்சிருச்சு. இனி வீட்டுக்குப் போன மாதிரிதான்," என்றது பின்வரிசை.

"தப்புன்னா போர்டுல போட்டுக் காட்டுங்க சார்."

அவர் இரண்டு முக்கோணங்கள் வரைந்தார். பல்லைக் கடித்தார். "ரெண்டுக்கும் மார்க். திருத்தின கட்டெல்லாம் பிரிங்க."

கூடமே அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தது. அவள் முதல் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.