முறுக்கு வீடியோவில் சித்தப்பா

எங்கள் குடும்பத்தில் எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் நான் இருப்பேன், யாருடைய தலைக்காவது பின்னால் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக்கொண்டு. ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை. சித்தப்பா எனக்கு நேர் எதிர். பற்கள் போனதிலிருந்து கேமராவைக் கண்டாலே துண்டால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். பல் செட் கட்டிக்கொடுத்தோம். ஈறு வலிக்கிறது என்று அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டார்.

அவர் காணாமல் போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்த டப்பா வாஷ்பேசின் மேல் இருந்தது. வாசலில் செருப்பும் இருந்தது. கதவு மட்டும் திறந்து கிடந்தது.

ஒரு வருடமாகவே அவருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த நாட்கள் நினைவிருக்கும், காலையில் தின்ற இட்லி நினைவிருக்காது. என்னை மறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை மாத்திரை வேளைக்கு வேளை போக வேண்டிய உடம்பு. வெளியே மழை வேறு.

மைசூர் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டவர், "ரீசென்ட் போட்டோ கொடி சார்" என்று கன்னடத்தில் கேட்டார். சித்தி பையைத் துழாவி எடுத்தது ரிடையர்மென்ட் பார்ட்டிப் படம். மாலை, கறுப்பு மீசை, பளபளக்கும் பல் வரிசை. போலீஸ்காரர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சமீபத்திய முகம் ஒரே ஒரு வீடியோவில்தான் இருந்தது. என் போனில். போன தீபாவளியன்று, என்னை அவர் மறப்பதற்கு முன், பல் செட் போடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் இரும்பு மாதிரி ஒரு முறுக்கைக் கொடுத்து, அவர் அதோடு போராடுவதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத அழிச்சிடுப்பா" என்றார். "அழிச்சிட்டேன் சித்தப்பா" என்றேன். குரூப்பிலிருந்து மட்டும் அழித்தேன்.

தேவராஜ மொஹல்லாவில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ ஒன்று உண்டு. நடத்துகிற அம்மாள் தமிழ்க்காரர். சித்தியை வீட்டில் போனருகே உட்கார வைத்துவிட்டு நான் ஓடினேன். நான் அழிக்காதது தெரிய வேண்டாமென்று, அண்ணன் தன் போனில் சேமித்து வைத்து அனுப்பிய குரூப் வீடியோவைத்தான் முதலில் நீட்டினேன்.

"இது வாட்ஸ்அப்புல வந்தது சார், சுருக்கிடும். முகமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு பாருங்க. எடுத்த போன் எங்க?"

"எடுத்த மகானுபாவன் நான்தாங்க" என்று என் போனைக் கொடுத்தேன்.

ஒயர் மாட்டி, மூல வீடியோவைக் கம்ப்யூட்டரில் இறக்கினார். ஒரு விநாடிக்கு முப்பது படம். அம்புக்குறிப் பொத்தானைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக நகர்ந்தது. தலை அசையும் படங்களில் முகம் கலைந்து இழுபட்டிருந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோதெல்லாம் என் குரல்: "கடிங்க சித்தப்பா, கடிங்க பார்ப்போம்!" பிறகு என் சிரிப்பு. மெதுவாக ஓடவிட்டபோது அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல வந்தது. அந்த அம்மாள் சத்தத்தை நிறுத்தினார்.

கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. முறுக்கைக் கீழே இறக்கிவிட்டு, வாய் பாதி திறந்தபடி, கேமராவை நேராகப் பார்க்கிறார். கண நேரம் அசையவில்லை.

"இது போதும். ஆனா மொத்தப் படத்துல முகம் இத்தனூண்டுதான். ஏ ஃபோர் சைஸுக்கு இழுத்தா மங்கும். ஏஐல போட்டா பளிச்சுன்னு வரும். ஆனா சார், அது இருக்கறத தெளிவாக்காது, இல்லாதத யூகிச்சுப் போடும்."

"பளிச்சுன்னே போடுங்க" என்றேன். எனக்குக் கலை ரசனை அதிகம்.

வந்த படம் பிரமாதம். ஒட்டிய கன்னம் நிரம்பி, தோல் வழவழவென்று, கண்ணில் ஒரு ஒளி. வீட்டுக்கு அனுப்பினேன். சித்தி அழுதுகொண்டே, "எவ்ளோ நல்லா இருக்காருடா" என்றாள். குரூப்பில் எல்லோரும் கும்பிட்டார்கள். அன்று மாலைக்குள் மைசூர் முழுக்க நோட்டீஸ். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வாட்ஸ்அப்பில்.

வியாழக்கிழமை போன் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆள் இருக்கிறார், சந்தேகமே இல்லை என்றார் ஒரு கடைக்காரர். சித்தியும் நானும் ஆட்டோவில் பறந்தோம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோட்டீஸில் இருந்த அதே ஆள். அதே கன்னம், அதே கண், பாதி திறந்த வாய்க்குள் அதே பல் வரிசை. ஸ்டுடியோக் கம்ப்யூட்டருக்குள் பிறந்த முகம் உடம்பெடுத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. ஆனால் அது சித்தப்பா இல்லை.

"நன்ன போட்டோ யாக்கே ஹாகிதீரா?" தன் படத்தை ஏன் ஒட்டினோம் என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பயந்து போய்.

சித்தி பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். கண்டவுடன் சாப்பிட வைக்கலாம் என்று பல் செட்டைக் கொண்டு வந்திருந்தாள். டப்பாவையும் நோட்டீஸையும் பார்த்தாள்.

"டேய், அவர் பல்லு என் கையில இருக்கு. இந்தப் படத்துக்குப் பல்லு எங்கேர்ந்து வந்தது?"

திறந்த வாயின் இருட்டை ஏஐ பல்லால் நிரப்பியிருந்தது. எங்கள் நினைவிலும் அவருக்குப் பல் இருந்ததால் ஒருத்தர் கண்ணுக்கும் உறுத்தவில்லை.

திரும்ப ஸ்டுடியோ. "யூகம்னு அன்னிக்கே சொன்னேன் சார்" என்றார் அந்த அம்மாள். நான் தலையை ஆட்டினேன். அதே இடத்தின் முன்னும் பின்னும் முகம் அசையாத நாலைந்து படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் புள்ளி புள்ளியாகத் தெரிந்த சொரசொரப்பைக் குறைத்தார். அச்சில் இருட்டடிக்கும் என்று கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினார். ஓரங்களை லேசாகக் கூர்மையாக்கினார். குழி விழுந்த கன்னத்தைத் தொடவில்லை. ஏ ஃபோர் வேண்டாம், போஸ்ட்கார்டு அளவு போதும், சின்னதில் இதுவே கூர்மையாகத் தெரியும் என்று போட்டோ காகிதத்திலேயே அடித்துக் கொடுத்தார். "ஜெராக்ஸ் எடுக்காதீங்க, வாய் வெறும் கறுப்பாயிடும்." போலீஸுக்கும் குரூப்புக்கும் கோப்பாகவே அனுப்பினார்.

அழகே இல்லை. பல்லில்லாத ஒரு கிழவர், யாரோ தன்னைக் கேலி செய்வது தெரிந்து பார்க்கும் பார்வை.

மறுநாள் காலை, மேல்கோட்டைப் பாதையில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினார். பஸ்ஸில் ஏறியவரை டிக்கெட்டில்லை என்று பாதியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மழையில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிவு, சர்க்கரை தாறுமாறு. பெயர் தெரியாதவர் என்று செவ்வாய் சாயங்காலமே சேர்த்திருக்கிறார்கள்.

அங்கே போனதும் நர்ஸ் சொன்னது: "உங்க முதல் போட்டோ புதன்கிழமையே வந்தது சார். இவர் முகத்துக்குப் பக்கத்துல வெச்சுத்தான் பார்த்தோம். இவரில்லைன்னு விட்டுட்டோம்."

மூன்று நாள் அவர் அங்கேயேதான் கிடந்திருக்கிறார். அவரில்லை என்று சாட்சி சொன்னது நான் அச்சடித்த படம்.

சித்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளை அவர் யாரென்று கேட்டார். என்னைக் கேட்கக்கூட இல்லை. கட்டில் மேல் நான் வைத்த போஸ்ட்கார்டு படத்தை நல்ல கையால் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டைத் தேடினார். துண்டு இல்லை, போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே" என்றார்.



இப்போது வீட்டில் இருக்கிறார். கதவுக்கு உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று. இனியும் கிளம்புவார், கவனம் என்றார் டாக்டர். சில காலைகளில் வாசற்பக்கம் அந்தத் தாழ்ப்பாளை யாரோ தடவுகிற சத்தம் கேட்கிறது. முகம் இன்னும் ஒடுங்கிவிட்டது. துண்டு வாயை விட்டு இறங்குவதே இல்லை, புதுப் படம் எடுக்க வழியில்லை.

வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை.